காசநோய் மருந்து எடுக்கும்போதே தங்கச்சியின் கழுத்தில் புதுக் கட்டி, யாருக்காவது இப்படி ஆனதா?

பினாங்கில் இருக்கிறவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். தங்கச்சிக்கு 23 வயது, கழுத்தில் வலியே இல்லாத கட்டி, காய்ச்சல் இருமல் எதுவும் இல்லை, அதனால் கிளினிக்கில் ஆன்டிபயாட்டிக் கொடுத்தே ஒரு மாதம் போனது. ஊசி வைத்து உறிஞ்சி எடுத்ததில் தெளிவாக வரவில்லை, அப்புறம் கட்டியை வெட்டி எடுத்துப் பார்த்துத்தான் நெறிக்கட்டியில் காசநோய் என்றார்கள். ஆனால் முழுத் துண்டையும் ஃபார்மலினில் போட்டுவிட்டார்கள்! அதில் கிருமி செத்துவிடும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் செய்ய முடியாது, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று தெரியாமலேதான் சிகிச்சை தொடங்கியது (2 மாதம் நான்கு மருந்து, பிறகு 4 மாதம் இரண்டு).

இப்போது ஏழாவது வாரம், பக்கத்திலேயே மெத்தென்று இன்னொரு கட்டி. செத்த கிருமிக்கு உடம்பு காட்டும் எதிர்வினை, சிலருக்கு வரும், மருந்தை நிறுத்தக்கூடாது என்கிறார் டாக்டர். சரி, நிறுத்தவில்லை. ஆனால் மருந்துக்கு அடங்காத கிருமியாக இருந்தால்?

ஊசியில் சீழ் எடுத்து, ஃபார்மலினில் போடாமல் கல்ச்சருக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கப் போகிறேன். கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன் எக்ஸ்பெர்ட் சோதனை மட்டும் போதாது, அது செத்த கிருமியையும் காட்டும். உங்களுக்கு மறுபடி எடுத்தார்களா, ஸ்டீராய்டு கொடுத்தார்களா, கட்டி வற்ற எத்தனை மாதம் ஆனது?