கேஸ்கட் இறுகுகிறதா, விறைக்கிறதா?

மீனா:
பிரஷர் குக்கர் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன், நாளைக் காலை அனுப்பியாக வேண்டும். கேஸ்கட்டை 'கசிவடைப்பு வளையம்' என்று எழுதிவிட்டேன். சூட்டிலும் எண்ணெயிலும் அது கெட்டியாவதற்கு ஒரே சொல் வேண்டும். 'இறுகல்' சரியா?

மாறன்:
முதலில் வளையத்துக்கே நல்ல பெயர் வைப்போம். 'கடி' என்ற உரிச்சொல்லுக்குத் தொல்காப்பியர் தரும் பத்துப் பொருள்களில் காப்பும் ஒன்று. மூடியைக் கடித்துப் பிடிப்பதும் அதிலேயே அடங்கும். 'கடிவளையம்' என்றே எழுதுங்கள்.

சுகந்தி:
ஐயா, கடிவளையம் என்று கேட்டால் எந்தக் கடைக்காரரும் எடுத்துத் தரமாட்டார். கேஸ்கட் என்றே இருக்கட்டும். அப்புறம், என் ரப்பர் கேஸ்கட் கெட்டியானதும் மிருதுவாகட்டும் என்று எண்ணெய் தடவிவந்தேன். சில வாரங்களில் உப்பிப்போய் மூடியின் பள்ளத்தில் உட்காரவே மறுத்தது. இதற்கும் இறுகல் என்றா சொல்வது?

தேவராஜ்:
சுகந்தி சொன்னதுதான் முக்கியம், இங்கே நடப்பது இரண்டு. குக்கருக்குள் சூடு சுமார் 120 டிகிரி செல்சியஸ். ரப்பரின் நீண்ட சங்கிலிகளைக் கந்தகப் பாலங்கள் பிணைத்திருக்கும். சூடும் காற்றும் சேர்ந்து மேலும் பிணைப்புகளைப் போடப்போட, சங்கிலிகள் அசைய இடமின்றி விறைத்துவிடும். இயற்கை ரப்பரில் எண்ணெய் ஊறினால் உப்பித் தளரும். நைட்ரைல் ரப்பர் எண்ணெயைத் தாங்கும், ஆனால் மென்மைக்காக அதில் கலந்த பொருளை எண்ணெய் மெல்ல இழுத்துக்கொள்ளும். அப்போது அதுவும் கெட்டியாகும். அதனால் 'எண்ணெயால் இறுகும்' என்று மட்டும் எழுதினால் பாதிதான் உண்மை.

குமார்:
சிலிக்கோன் போட்டால் இந்தத் தொல்லையே இல்லை. 200 டிகிரியைத் தாங்கும், மாற்றவே வேண்டாம்.

தேவராஜ்:
உலர்ந்த சூட்டை அப்படித் தாங்கும், உண்மைதான். அதன் சங்கிலியின் முதுகெலும்பு சிலிக்கனும் ஆக்சிஜனும் என்பதால் ரப்பரைவிட மெதுவாகவே விறைக்கும். ஆனால் ஓரத்தில் சின்னக் கீறல் விழுந்தாலும் அங்கிருந்து எளிதில் கிழியும், சமையல் வாசனையும் ஏறிக்கொள்ளும். நாளாவட்டத்தில் அமுங்கியது அமுங்கியபடியே நின்றும் போகும்.

மீனா:
அப்படியானால் எப்போது மாற்ற வேண்டும் என்று எழுதட்டும்?

தேவராஜ்:
கழுவி ஆறிய பிறகு விரலிடையே வளைக்கச் சொல்லுங்கள். வளைவின் வெளிப்புறத்தில் மயிரிழை வெடிப்பு தெரிந்தாலோ, அழுத்தி விட்டதும் பழைய தடிமனுக்கு மீளாமல் தட்டையாகவே இருந்தாலோ மாற்ற வேண்டியதுதான். ஆவிக்குழாயில் அடைப்பு இல்லை, மூடியும் சரியாக உட்கார்ந்திருக்கிறது, இருந்தும் விளிம்பில் ஆவி சீறி விசில் தாமதமானால் அதுவும் அறிகுறி. எண்ணெய் தடவிச் சரிசெய்யச் சொல்லாதீர்கள்.

மீனா:
சரி, சூட்டுக்கு 'விறைத்தல்', எண்ணெய்க்கு 'உப்புதல்' என்று பிரித்து எழுதுகிறேன். பெயருக்கு கேஸ்கட்தான்.

மாறன்:
விறைத்தல் நல்ல சொல், ஒப்புக்கொள்கிறேன். கேஸ்கட்டை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 'கவ்வுவளையம்' ஆவது யோசித்துப் பாருங்கள், அது எல்லோருக்கும் புரியும்.