வண்டிக் கணக்கில் 200-ஆ 80-ஆ?

மதி: ஒரு உதவி வேண்டும். நம் கார் ஓடிய கிலோமீட்டர் கணக்கு எக்செல் ஷீட், அதில் நான் ஓட்டியதை மட்டும் பார்க்க பெயரில் ஃபில்டர் போட்டேன். கீழே மொத்தம் 200 என்றே நிற்கிறது. அதே ஃபைலின் இன்னொரு நகல் அப்பாவிடம் இருக்கிறது, அதில் அதே ஃபில்டர் போட்டால் 80. இரண்டு பேருமே Σ பட்டனைத்தான் அழுத்தினோம்!

சித்தி: மற்ற வரிகள் அழிந்துவிட்டனவா மதி? உடனே பழைய நகலைத் தேடு.

மதி: இல்லை சித்தி, ஃபில்டரை எடுத்தால் ஆறு வரியும் திரும்ப வந்துவிடுகின்றன. அப்போது இரண்டு ஃபைலிலும் 200தான்.

அருண்: அப்பாவுடையதில் SUBTOTAL இருக்கும். அது மறைந்திருக்கும் வரி எதையும் கூட்டாது, SUM எல்லாவற்றையும் கூட்டும். அவ்வளவுதான் விஷயம்.

செல்வி அக்கா: பாதி சரி அருண், மீதிக்கு அப்புறம் வருகிறேன். மதி, இரண்டு ஃபைலிலும் அந்த மொத்தத்தின் மேல் கிளிக் செய்து மேலே ஃபார்முலா பாரில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்.

மதி: என்னுடையது, அதற்கடுத்து அப்பாவுடையது:
```
=SUM(C2:C7)
=SUBTOTAL(9,C2:C7)
```

செல்வி அக்கா: நினைத்தேன். நீ Σ அழுத்தியபோது ஃபில்டர் ஓடவில்லை, அதனால் எக்செல் SUM எழுதிவிட்டது. அப்பா முதலில் ஃபில்டர் போட்டுவிட்டு அழுத்தியிருப்பார், அப்போது அதே பட்டன் SUBTOTAL எழுதும். SUM-க்கு ஃபில்டர் என்று ஒன்று இருப்பதே தெரியாது, C2 முதல் C7 வரை என்றால் கண்ணுக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் கூட்டிவிடும். உன் வரிகள் 25, 35, 20, ஆக 80. அப்பாவுடையவை 40, 60, 20, ஆக 120. அந்த 120-ம் சேர்ந்துதான் உனக்கு 200 காட்டுகிறது. ஃபில்டர் போட்டபடியே அந்த எண்களை மட்டும் செலக்ட் செய்து எக்செல்லின் அடியில் இருக்கும் பட்டையைப் பார், அங்கே 80 என்று வரும்.

மதி: ஆமாம் அக்கா, கீழே 80 என்றுதான் காட்டுகிறது.

அருண்: நான் சொன்னதுதானே அது? எது பாதி தப்பு?

செல்வி அக்கா: 'மறைந்திருக்கும் வரி எதையும்' என்றாயே, அது. ஃபில்டரை முழுக்க எடுத்துவிட்டு, அப்பாவின் 60 இருக்கும் வரியை மட்டும் வலது கிளிக் செய்து Hide கொடுத்துப் பார்.

அருண்: சரி, பார்த்தேன். மொத்தம் 200 அப்படியே இருக்கிறது. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

செல்வி அக்கா: 9 என்ற எண் ஃபில்டர் மறைத்ததை மட்டும்தான் விடும், நாம் கையால் மறைத்ததைச் சேர்த்துக்கொள்ளும். 9-ஐ எடுத்துவிட்டு 109 போடு.
```
=SUBTOTAL(109,C2:C7)
```

அருண்: 140 வந்தது. 60 போய்விட்டது.

செல்வி அக்கா: அதேதான். ஃபில்டர் மட்டும் பயன்படுத்துகிறவர்களுக்கு 9-க்கும் 109-க்கும் வித்தியாசமே தெரியாது, கையால் வரியை மறைத்தால்தான் இரண்டும் பிரியும்.

குமார் மாமா: என் ஷீட்டில் வேறு தொல்லைம்மா. முதல் மாதம் முடிந்ததும் அடியில் ஒரு கூட்டல் 120, இரண்டாம் மாதத்துக்கு அடியில் 80, கடைசியில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்று போட்டால் 400 என்கிறது. எந்த ஃபில்டரும் இல்லை.

செல்வி அக்கா: மாமா, மாதக் கூட்டல்களும் அதே நெடுவரிசையில்தானே இருக்கின்றன? கடைசி SUM வரிகளையும் கூட்டி, அந்த 120, 80 இரண்டையும் மறுபடி கூட்டிவிட்டது. மூன்று இடத்திலும் SUBTOTAL போடுங்கள், அது தன் வரம்புக்குள் இன்னொரு SUBTOTAL இருந்தால் அதைத் தாண்டிப் போய்விடும், 200 வரும். ஆனால் மாதக் கூட்டலை SUM-ஆகவே விட்டுவிட்டுக் கடைசியில் மட்டும் மாற்றினால் பலன் இல்லை, அப்போதும் 400தான்.

குமார் மாமா: நான் கடைசியை மட்டும்தான் மாற்றியிருந்தேன்! சரி, மூன்றையும் மாற்றுகிறேன்.

மதி: அப்போ நான் SUM-ஐ விட்டுவிட வேண்டியதுதானா? யார் ஃபில்டர் போட்டாலும் மாறாத முழு மொத்தமும் எனக்கு வேண்டுமே.

செல்வி அக்கா: விடாதே. இரண்டையும் மேலே தலைப்புக்கு முன்னால் தனித்தனி செல்லில் வை, ஒன்றுக்கு 'மொத்தம்', இன்னொன்றுக்கு 'திரையில் இருப்பது' என்று பெயர் எழுது. வரிகளுக்குப் பக்கத்தில் வைத்தால் ஃபில்டர் போடும்போது அந்த வரியோடு சேர்ந்து அதுவும் மறைந்துவிடும்.

குமார் மாமா: செல்வி, இன்னொரு ஷீட்டில் மாதங்களை வலது பக்கமாக அடுக்கியிருக்கிறேன். அதில் ஒரு மாதத்தை மறைத்து 109 போட்டேன், குறையவே இல்லையே?

செல்வி அக்கா: அது வரி மறைந்தால்தான் கவனிக்கும் மாமா, நெடுவரிசை மறைந்தால் கண்டுகொள்ளாது. ஃபைலை அனுப்புங்கள், மாதங்களை மேலிருந்து கீழாகத் திருப்பிப் போட முடியுமா என்று பார்க்கிறேன்.