குளிரூர்தானே என்று வெளியில் வைத்த வெர்மூத்

நுவரெலியாவிலிருந்து:
நான் பார்ப்பது ஒரு விடுமுறை பங்களா. ஏப்ரல் சீசனில் வந்த விருந்தினர்களுக்காக உலர் வெர்மூத், அதாவது மூலிகை சேர்த்த இனிப்புக் குறைந்த வைன், ஒரு போத்தல் திறந்தோம். பாதிதான் போனது. மூடியை இறுக்கி, சாப்பாட்டு அறை அலமாரியில் வைத்துவிட்டேன். இந்த ஊர்க் குளிரில் பிரிட்ஜ் எதற்கு என்ற எண்ணம். ஆகஸ்டில் வந்த ஒரு வெளிநாட்டு அம்மா சாப்பாட்டுக்கு முன் ஒரு கிளாஸ் கேட்டார். ஊற்றிக் கொடுத்தேன். ஒரு மிடறு குடித்தார், கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் முகம் சுருங்கிப் போனது. மூடி சரியாகத்தான் இருந்தது, பின்னே எதனால் கெட்டது?

ஹட்டனிலிருந்து:
அண்ணே, கெட்டிருக்காது. சாராயம் வருடக்கணக்கில் இருந்தாலும் அப்படியே இருக்கிறதே! பிரான்சில் மார்சேயான் என்ற ஊரில் வெர்மூத்துக்கான வைனைப் பீப்பாயோடு ஒரு வருடம் வெயிலில், மழையில் வைக்கிறார்களாம். அதற்கே ஒன்றும் ஆகாதபோது உங்கள் அலமாரியில் என்ன ஆகும்? அந்த அம்மாவுக்குக் கசப்பு பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

பண்டாரவளையிலிருந்து:
எங்கள் வீட்டிலும் கசப்பு போத்தல் ஒன்று நாலு வருடமாக அடுப்படி ஜன்னலில் நிற்கிறது. காகிதம் சுற்றிய சின்னப் போத்தல், மஞ்சள் மூடி. ஒன்றும் ஆகவில்லை. லெமன் சோடாவில் நாலு சொட்டு விட்டால் வயிற்றுக்கு நல்லது.

ஹப்புத்தளையிலிருந்து:
கப்பலிலும் ஹோட்டல்களிலுமாக 14 வருடம் பாரில் நின்றவன் நான். அக்கா, உங்களிடம் இருப்பது சொட்டாக விடும் பிட்டர்ஸ். அதில் மது கிட்டத்தட்ட 45 சதவீதம், அது எங்கேயும் நிற்கும். இங்கே பேசுவது கிளாஸில் ஊற்றிக் குடிக்கும் கசப்பு மது.

ஹட்டன் தம்பி சொன்னதில் பீப்பாய் கதை உண்மைதான். ஆனால் அது மூலிகை சேர்ப்பதற்கு முன்னால், வைனைத் தயாரிக்கும் கட்டத்தில் அவர்களே வேண்டுமென்று செய்வது. போத்தலில் அடைத்துவிட்டால் அந்த வேலை முடிந்தது. வெர்மூத்தின் அடிப்படை வைன். மதுவும் மூலிகையும் சேர்த்து 15 முதல் 18 சதவீதம் வரை ஏற்றியிருப்பார்கள், அதனால் சாதா வைனைவிடக் கொஞ்சம் தாங்கும். சாராயம்போல் தாங்காது.

நுவரெலியா அண்ணே, மூடியில் பிழை இல்லை. பாதி போத்தல் என்றால் மீதிப் பாதி காற்று. அந்தக் காற்றோடுதான் நாலு மாதம் இருந்திருக்கிறது. குளிர் அதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. ஊர்க் குளிரும் பிரிட்ஜ் குளிரும் ஒன்றல்ல, அதிலும் இரவில் கணப்பு எரிக்கும் அறை என்றால் சொல்லவே வேண்டாம். வெளிர் வைக்கோல் நிறம் பழுப்பு பக்கம் போயிருக்கும். மூலிகை வாசனை இருக்கவேண்டிய இடத்தில் வெட்டி வைத்துக் கறுத்த ஆப்பிள் மணக்கும். புதுப் போத்தலைப் பக்கத்தில் ஊற்றிப் பாருங்கள், யாரும் சொல்லித்தர வேண்டாம்.

நான் செய்வது இது. 750 மில்லி போத்தலைத் திறந்த அன்றே, கொதிநீரில் கழுவிக் காயவைத்த 375 மில்லி போத்தலில் கழுத்துவரை ஊற்றி மூடிவிடுவேன். இரண்டும் பிரிட்ஜில், நிமிர்த்தி. திறந்த தேதியைப் பட்டியில் எழுதி ஒட்டுவேன். உலர் வகைக்கு ஒரு மாதம், இனிப்புச் சிவப்பு வகைக்கு இரண்டு மாதம் என்பது என் கணக்கு. தாண்டினால் விஷமில்லை, மீன் குழம்புக்கு ஊற்றலாம், விருந்தினருக்கு வேண்டாம்.

நுவரெலியாவிலிருந்து:
நிறம் நீங்கள் சொன்ன மாதிரியேதான் இருந்தது. காம்பாரி என்ற சிவப்புக் கசப்பு மதுவையும் பிரிட்ஜில் வைக்கவேண்டுமா? பரிமாறும்போது ஐஸ் போட்டால் இந்தக் குளிரில் முகம் சுளிக்கிறார்கள்.

ஹப்புத்தளையிலிருந்து:
காம்பாரி 20 சதவீதத்துக்கு மேல், சர்க்கரையும் நிறைய. அலமாரி போதும், வெயில் படக்கூடாது. அதே மாதிரிக் கசப்பு மதுவான அப்பரோல் 11 சதவீதம்தான், அதை நான் பிரிட்ஜில் வைப்பேன், சிலர் தேவையில்லை என்பார்கள்.

ஐஸ் வேண்டாதவருக்குப் போத்தலையும் கிளாஸையும் குளிரவைத்து 60 மில்லி மட்டும் ஊற்றுங்கள். சிவப்பு வெர்மூத்துக்குத் தோடம்பழத் தோல், உலர் வகைக்கு எலுமிச்சைத் தோல். கிளாஸுக்கு மேலே பிடித்து முறுக்கினால் தோலின் எண்ணெய் தெறிக்கும், வாசனை அதில்தான். காம்பாரி 30, சிவப்பு வெர்மூத் 30, மேலே சோடா என்று கேட்பவர்களும் உண்டு, அதற்கு ஐஸ் கட்டாயம். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால், ஒரே கிளாஸ். பைட்ஸாக உப்புக் கச்சான் போதும். டெவல் கடலையை வைத்தால் அந்தக் காரத்தில் மூலிகை ஒன்றும் தெரியாது. இதில் நான் பிடிவாதம்.

ஹட்டனிலிருந்து:
டெவல் இல்லாமல் கிளாஸா? அதை ஒத்துக்கொள்ள மாட்டேன் அண்ணே. வெர்மூத் விஷயம் சரி.

நுவரெலியாவிலிருந்து:
ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். கழுத்துவரை நிரப்பிய சின்னப் போத்தலை நேற்றுத்தான் திறந்தேன். நிறம் மாறவில்லை, வாசனை முதல் நாள் மாதிரி. பெரிய போத்தலில் கடைசியாக இருந்த இரண்டு கிளாஸ் கொஞ்சம் மங்கித்தான் போயிருந்தது. அதை அடுப்படிக்கு அனுப்பிவிட்டேன்.