92 சதவீதம் ஒத்துப்போகிறது, கப்பா மட்டும் 0.29. எதை நம்புவது?

தொடக்கப்புள்ளி
ஆள் கீழே விழுவதைக் கண்டுபிடிக்கும் மாடலுக்காக வீடியோ கிளிப்களுக்கு லேபிள் போட்டுக்கொண்டிருக்கிறோம். இரண்டு பேர் தனித்தனியாகப் போட்டார்கள். ஒப்பிட்டால் 92 சதவீதம் ஒத்துப்போகிறது. ஆனால் தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு ஒற்றுமையை அளக்கும் கப்பா 0.29தான் வருகிறது. நாளை மறுநாள் பயிற்சியைத் தொடங்க வேண்டும். கணக்கில் தப்பா, லேபிளில் தப்பா? அவசரம், யாராவது சொல்லுங்கள்.

மின்மினி
எத்தனை கிளிப்? மொத்தம் எத்தனை லேபிள்? கிளிப் முழுவதற்கும் ஒரே லேபிளா, இல்லை எந்த நொடியில் விழுகிறார் என்றும் குறிக்கிறார்களா? இதெல்லாம் தெரிந்தால்தான் ஏதாவது சொல்ல முடியும்.

வரிசைமாறன்
இரண்டு கோப்புகளையும் வரிசை எண்ணை வைத்துச் சேர்த்திருப்பீர்கள், நிச்சயம் அதுதான். எனக்கும் இப்படித்தான் ஆனது. ஒருவருடைய கோப்பு பெயர் வரிசையில் இருந்தது, அதில் clip_10 என்பது clip_2-க்கு முன்னால் வந்துவிடும். இன்னொருவருடையது பார்த்த வரிசையில் இருந்தது. கிளிப் பெயரை வைத்துச் சேர்த்துப் பாருங்கள்.

```python
m = a.merge(b, on="clip", suffixes=("_a", "_b"))
print(pd.crosstab(m.label_a, m.label_b))
print(cohen_kappa_score(m.label_a, m.label_b))
```

பழையகணக்கு
கப்பாவைப் பற்றிக் கோஹன் 1960-லேயே எழுதிவிட்டார். அதைப் படிக்காமல் லேபிள் வேலையில் இறங்கினால் இப்படித்தான் முழிக்க வேண்டும். லாண்டிஸ், கோச் 1977-இல் தந்த அட்டவணையில் 0.41-க்குக் கீழே இருப்பது நடுத்தரம்கூட இல்லை. ஆட்கள் சரியில்லை. மாற்றிவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள்.

தொடக்கப்புள்ளி
மன்னிக்கவும், சொல்லாமல் விட்டுவிட்டேன். 200 கிளிப், ஒவ்வொன்றும் 4 நொடி. கிளிப்புக்கு ஒரே லேபிள்: விழுந்தார் அல்லது இல்லை. பெயரை வைத்துச் சேர்த்தும் அதே 0.29தான்.

```
இருவரும் "விழுந்தார்"             4
முதலாமவர் மட்டும் "விழுந்தார்"    10
இரண்டாமவர் மட்டும் "விழுந்தார்"   6
இருவரும் "இல்லை"               180
```

சிறுகதிர்
நாங்கள் வண்டிகளைச் சுற்றிப் பெட்டி வரைகிறோம். இரண்டு பேர் வரைந்த பெட்டிகளும் ஒன்றன்மேல் ஒன்று எவ்வளவு படிகின்றன என்று பார்த்து, 0.5-க்கு மேல் இருந்தால் ஒத்துப்போனதாக எடுத்துக்கொள்வோம். கப்பாவே தேவைப்படவில்லை. நீங்களும் அப்படிச் செய்யலாமே?

மின்மினி
சிறுகதிர், இவர்களிடம் பெட்டியே கிடையாதே. கிளிப்புக்கு ஆம், இல்லை மட்டும்தான்.

அகலக்கண்
கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. 200-இல் 180 கிளிப்பில் ஒன்றுமே நடக்கவில்லை. முதலாமவர் 14-க்கும் இரண்டாமவர் 10-க்கும் "விழுந்தார்" போட்டிருக்கிறார்கள். அதே அளவில், கிளிப்பைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருந்தாலும் சுமார் 88.7 சதவீதம் தானாக ஒத்துப்போயிருக்கும். 92 என்பது அதைவிட 3 புள்ளி சொச்சம்தான் அதிகம். அதனால்தான் கப்பா இறங்கிவிட்டது.

உங்களுக்கு வேண்டியது விழுவது பற்றிய ஒற்றுமை. அதைத் தனியாகப் பாருங்கள். 4-ஐ இரட்டித்து, 14-ஐயும் 10-ஐயும் கூட்டிய 24-ஆல் வகுத்தால் 0.33. "இல்லை" பக்கம் இதே கணக்குப் போட்டால் 0.96. ஆக, சும்மா இருக்கும் கிளிப்பில் இருவருக்கும் சண்டையே இல்லை. விழுவது என்றால் என்ன என்பதில்தான் ஒத்துப்போகவில்லை.

ஆட்களை மாற்றும் முன் ஒன்று கேட்கிறேன். அந்த 4 நொடிக் கிளிப்கள் எப்படி வந்தன? நீள வீடியோவை 4 நொடிக்கு ஒருமுறை வெட்டினீர்களா? அப்படியென்றால் ஒத்துப்போகாத 16 கிளிப்பையும் மூல வீடியோ பெயர், தொடங்கும் நொடி இரண்டையும் வைத்து வரிசைப்படுத்திப் பாருங்கள்.

பழையகணக்கு
கப்பா பிடிக்கவில்லை என்றால் வேறு எண்ணைத் தேடுவது நல்ல பழக்கம் இல்லை. கிரிப்பென்டார்ஃப் ஆல்ஃபா போட்டுப் பாருங்கள், அதுதான் இப்போது ஏற்கப்பட்ட அளவு.

மின்மினி
போட்டுப் பார்த்தேன் ஐயா, அதுவும் 0.29தான். இரண்டே பேர், விடுபட்ட லேபிள் எதுவும் இல்லை என்னும்போது இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் வரும். ஆல்ஃபா கைகொடுப்பது மூன்று நான்கு பேர் இருந்து, எல்லோரும் எல்லாக் கிளிப்பையும் பார்க்காதபோது. அப்புறம் அந்த 1977 அட்டவணையின் எல்லைகள் தாங்களாக வைத்துக்கொண்டவை என்று அதை எழுதியவர்களே சொல்லியிருக்கிறார்கள். அதைக் காட்டி ஆட்களை அனுப்பிவிடச் சொல்வது நியாயமாகப் படவில்லை.

பழையகணக்கு
எல்லை எதுவும் இல்லாமல் எந்தத் தரத்தை வைத்து வேலையை ஏற்பது? ஏதோ ஒரு இடத்தில் கோடு போட்டுத்தானே ஆக வேண்டும்?

வரிசைமாறன்
மூன்றாவது ஆளைப் போட்டுப் பெரும்பான்மையை எடுத்துக்கொண்டால் வேலை முடிந்தது.

மின்மினி
எது விழுவது என்றே முடிவாகாதபோது மூன்றாமவரும் தனக்குத் தோன்றியதைத்தான் போடுவார். பெரும்பான்மை வந்துவிடும், குழப்பம் உள்ளே அப்படியே இருக்கும்.

தொடக்கப்புள்ளி
அகலக்கண், ஆமாம், 4 நொடிக்கு ஒருமுறை வெட்டியதுதான். வரிசைப்படுத்திப் பார்த்ததும் திகைத்துவிட்டேன். இரண்டாமவர் மட்டும் போட்ட 6 கிளிப்பும், முதலாமவர் மட்டும் போட்ட ஏதோ ஒன்றுக்கு அடுத்த கிளிப்பாகவே இருக்கின்றன. ஒரு வீடியோவில் ஆள் 11-ஆவது நொடியில் கால் இடறித் தடுமாறுகிறார், 12.5-இல் தரையில் விழுகிறார். வெட்டு 12-இல் இருக்கிறது. முதலாமவர் தடுமாறும் கிளிப்புக்கு "விழுந்தார்" போட்டிருக்கிறார், இரண்டாமவர் தரையில் படும் கிளிப்புக்கு. ஆறிலும் இதே கதை.

மீதி 4 முதலாமவர் மட்டும் போட்டவை. மூன்றில் ஆள் சட்டென்று குனிகிறார். ஒன்று எனக்கே தெரியவில்லை.

அகலக்கண்
அதுதான். இருவரும் பார்த்தது ஒரே விழுகை, கணக்கில் ஏறியது இரண்டு முரண்பாடு. கிளிப்பை விட்டுவிட்டு விழுகைகளை எண்ணினால் முதலாமவர் 14, இரண்டாமவர் 10, இருவரும் கண்டது 10. முன்பு 0.33 வந்த அதே கணக்கு இப்போது 0.83.

ஆனால் இந்த 0.83-ஐ உங்கள் ஒற்றுமை என்று எழுதி வைத்துவிடாதீர்கள். விடையைப் பார்த்த பிறகு சேர்த்தது இது. விதியை முதலில் எழுதுங்கள்: கை, முழங்கால் தவிர உடல் தரையில் படும் நொடிதான் விழும் நொடி, குனிவது சேராது என்பது போல. பிறகு இருவரும் பார்க்காத வீடியோக்களைக் கொடுங்கள், நடுவில் பேசிக்கொள்ளாமல் போடட்டும். வெட்டாத வீடியோவில் தரையில் படும் நொடியைக் குறிப்பதே மேல். இருவர் குறித்ததும் அரை நொடிக்குள் இருந்தால் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். அந்த நொடி நடுவில் வருமாறு பிறகு வெட்டுங்கள். இல்லாவிட்டால் தடுமாறும் கிளிப் "இல்லை" என்று மாடலுக்குப் போய்விடும், அது அதையே கற்றுக்கொள்ளும்.

விழுகை நிறைய உள்ள வீடியோக்களாகப் பொறுக்கிக் கொடுத்தால் கப்பா ஏறத்தான் செய்யும். அதைப் பழைய 0.29-உடன் ஒப்பிட முடியாது. 14 விழுகையை வைத்து உறுதியாக எதையும் சொல்லவும் முடியாது, குறைந்தது ஐம்பதாவது சேரட்டும்.

பழையகணக்கு
வெட்டும் முறை சரி, நானும் அதைக் கேட்டிருக்க வேண்டும். ஆனாலும் ஏற்பதற்கு ஒரு எல்லை வேண்டும் என்பதில் நான் மாறவில்லை.

தொடக்கப்புள்ளி
எல்லோருக்கும் நன்றி. பயிற்சியை ஒரு வாரம் தள்ளிவிட்டோம். விதி எழுதியாயிற்று, இருவரும் புது வீடியோக்களில் நொடி குறிக்கத் தொடங்கிவிட்டார்கள். எண் வந்ததும் போடுகிறேன்.

மின்மினி
உங்களுக்கே தெரியவில்லை என்ற அந்த ஒரு கிளிப்பில் ஆள் என்ன செய்கிறார்? நாற்காலியில் சரிந்து உட்கார்வது மாதிரி என்றால் அதற்கும் இப்போதே ஒரு வரி எழுதிவிடுங்கள்.