‘ஷார்ட் ஹேண்டில்’ என்று போட்டிருந்ததை நம்பி வாங்கிய கிரிக்கெட் பேட்: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

மஞ்சள் மண்டி, ஈரோடு

நாலு மாதமாகியும் மனசு ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன். பையனுக்கு 13 வயது, உயரம் 5 அடி. ஆன்லைனில் பேட்டுக்குக் கீழே இருந்த விவரம் இதுதான்: எடை 1160 கிராம், இங்கிலீஷ் வில்லோ கிரேடு 1, ஷார்ட் ஹேண்டில், இடைநிலை வீரர்களுக்கு. பையன் உயரம் குறைவு, கைப்பிடியும் குட்டை, சரியாக இருக்கும் என்று வாங்கிவிட்டேன்.

நெட்ஸில் முதல் பந்து நேராகத்தான் வந்தது. தூக்கிய பேட் இறங்கி வருவதற்குள் மிடில் ஸ்டம்ப் சாய்ந்துவிட்டது. “கீழே இழுக்குதுப்பா” என்றான். மூன்றாவது ஓவரில் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அந்த முகம் கண்ணை விட்டுப் போகவில்லை. மறுநாள் மண்டியில் சாம்பிள் நிறுக்கிற தராசில் பேட்டை வைத்தேன். 1245 காட்டியது. கடையில் கேட்டால், அளவு போட்டிருக்கிறோமே, பிரித்ததைத் திருப்பி எடுக்க முடியாது என்கிறார்கள்.

நொய்யல் ஆப்ஸ்பின்

அண்ணா, எடையை விடுங்க. பேட் முகத்தில் எத்தனை மரக்கோடு என்று எண்ணினீங்களா? கிரேடு 1 என்றால் 10 கோட்டுக்கு மேல் இருக்கணும். என் பேட்டில் 7தான் இருந்தது, ஏமாற்றிவிட்டார்கள்.

காந்திபுரம் அக்கா

நான் கோவையில் ஒரு ஸ்போர்ட்ஸ் கடையில் இந்த விவரங்களை ஏற்றுகிற வேலையில் இருக்கிறேன். ஈரோட்டு அண்ணா சொன்னதைப் படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. எங்களிடமும் இதே மாதிரி ஒரு அப்பா வந்து நின்றிருக்கிறார்.

ஷார்ட் ஹேண்டில் என்பது பெரியவர்களின் முழு அளவு பேட்டுங்க. லாங் ஹேண்டில் அதைவிட நீளம், ரொம்ப உயரமானவர்களுக்கு. அதோடு ஒப்பிட்டுத்தான் ‘ஷார்ட்’ என்று பேர் வந்தது. 5 அடிப் பையனுக்கு சைஸ் 6 பக்கம் பார்த்திருக்கணும். இன்னும் கொஞ்சம் வளர்ந்தால் அதற்கு அடுத்த அளவான ஹாரோ. இந்தக் குழப்பத்துக்காகவே நான் இப்போது ‘ஷார்ட் ஹேண்டில் (பெரியவர் அளவு)’ என்று போட்டு, பக்கத்தில் உயரத்தையும் எழுதுகிறேன்.

எடைக்கு வருவோம். எங்களுக்கு வருகிற பட்டியலில் இருப்பது பெரும்பாலும் வெறும் கட்டையின் எடை. ரப்பர் கிரிப் ஒன்றே 50 கிராம் பக்கம் வரும். முகத்தில் ஒட்டும் ஷீட், அடியில் டோ கார்டு எல்லாம் சேர்ந்தால் உங்கள் 85 கிராம் வந்துவிடும். பட்டியல் பொய்யில்லை, ஆனால் பையன் தூக்குவது 1245ஐத்தான். அதனால் ஒவ்வொரு பேட்டையும் கிரிப்போடு நிறுத்து, அந்தத் தராசுப் படத்தையே போட ஆரம்பித்தேன்.

நொய்யல் தம்பி, கிரேடு பார்ப்பது பெரும்பாலும் முகத்தின் அழகுக்குத்தான். ஒரு பழுப்புத் திட்டு இருந்தால் கிரேடு 2க்கு இறங்கும், அடி அதே மாதிரி போகலாம். நெருக்கமான கோடு என்றால் மெதுவாக வளர்ந்த மரம். சீக்கிரம் பதத்துக்கு வரும், சீக்கிரம் தேயவும் செய்யும். 7 கோட்டுப் பேட் பழகக் கொஞ்ச நாள் எடுக்கும், ஆனால் உழைக்கும்.

நொய்யல் ஆப்ஸ்பின்

அக்கா சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் 12 கோடு இருப்பதற்குத்தானே கூடுதல் விலை வாங்குகிறார்கள்? நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பொள்ளாச்சி கீப்பர்

நான் வாங்கியது காஷ்மீர் வில்லோ, பின்பக்கம் குடைந்த பேட். ‘டென்னிஸ், லெதர் இரண்டுக்கும்’ என்று போட்டிருந்தது. லெதர் பந்தில் இரண்டாம் மேட்சிலேயே அடிப்பகுதி பிளந்துவிட்டது, அவ்வளவுதான் என் கதை.

எல்லாரும் ஒன்றைக் கேளுங்க. லெதர் பந்துக்கு எந்த பேட் வாங்கினாலும் காய்ச்சாத ஆளி விதை எண்ணெயை மெலிசாகத் தடவி, ஒரு நாள் படுக்க வைத்துவிடுங்க. கைப்பிடி முகத்தில் இறங்குகிற ‘வி’ வடிவ இணைப்பில் படக்கூடாது, பசை விட்டுவிடும். ஷீட் ஒட்டி வந்த முகத்துக்கு எண்ணெய் வேண்டாம். அப்புறம் மரச் சுத்தியலால் மெதுவாக ஆரம்பித்து, நாலைந்து மணி நேரமாவது தட்டணும். ஓரத்தை நேராகத் தட்டாமல் சாய்வாகத் தட்டுங்க. அடுத்து பழைய பந்தில் த்ரோ டவுன். ஈரத் தரையில் பேட்டை ஊன்றி நிற்காதீங்க, அடி ஊறிப் பெருத்துவிடும்.

ஈரோட்டு அண்ணா, கைப்பிடி மேலே ஒரு அங்குலம் அறுத்துவிட்டால் பையனுக்குப் பொருந்துமே?

காந்திபுரம் அக்கா

அறுக்காதீங்க அண்ணா! மேல் எடை குறைந்தால் பாரமெல்லாம் அடிப்பக்கம் போய், இப்போதைவிட இன்னும் கீழே இழுக்கும்.

மஞ்சள் மண்டி, ஈரோடு

அறுக்கவில்லைங்க அக்கா. ஒரு மீட்டர் ஸ்கேலை விரலில் நிறுத்துகிற மாதிரி பேட்டைக் கிடையாக நிறுத்திப் பார்த்தேன், நடுவைத் தாண்டி ரொம்பக் கீழேதான் நிற்கிறது. பையன் பழைய சைஸ் 6லேயே ஆடுகிறான். ஆனால் ஒன்று கேட்கணும்: ‘இடைநிலை வீரர்’ என்று எதை வைத்துப் போடுகிறார்கள்? வயதா, ஆட்டமா?

காந்திபுரம் அக்கா

எங்கள் கடையில் விலையை வைத்துத்தான் அண்ணா போடச் சொல்கிறார்கள். அந்தக் கட்டத்தைக் காலியாக விடச் சொல்லி இரண்டு முறை கேட்டுவிட்டேன்.