`Default apps`, `Open by default`: இரண்டுக்கும் ஒரே சொல் போதுமா?

வணக்கம்.

ஒரு வரைபடச் செயலியின் உதவிப் பக்கத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். `Default apps` என்பதற்கு ‘இயல்புநிலைச் செயலிகள்’ என்று போட்டாயிற்று. நாலு வரி தள்ளி `Open by default` வருகிறது. ‘இயல்பாகத் திற’ என்று எழுதினேன். எதை, யார் திறப்பது என்று எனக்கே புரியவில்லை. வேறு சொல் உண்டா?

— மீ.

---

> வேறு சொல் உண்டா?

எதற்கு? இரண்டும் ஒன்றுதானே. அமைப்புகளில் போய் உலாவியை மாற்றினால் எல்லா இணைப்பும் புது உலாவியில் திறக்கும், அவ்வளவுதான். ‘இயல்புநிலை’ ஊறிப்போன சொல், அதையே வையுங்கள். (நான் இன்னமும் ‘முன்னிருப்பு’ கட்சிதான். அது வேறு சண்டை.)

— க.

---

க. ஐயா சொல்வது பாதிதான் சரி. மீதிப் பாதியில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆண்ட்ராய்டில் `Default apps` பக்கம் ஒரு வேலைக்கு ஓர் ஆளை அமர்த்துவது: உலாவி, தொலைபேசி, எஸ்.எம்.எஸ். வரைபடத்துக்கு அங்கே இடமே இல்லை. `Open by default` ஒவ்வொரு செயலியின் தகவல் பக்கத்துக்குள்ளும் தனித்தனியாக இருக்கிறது. இன்ன இணைய முகவரிகளை நானே திறப்பேன் என்று செயலி வைத்திருக்கும் பிடி அது. `https` இணைப்பைத் தொட்டதும் ஆண்ட்ராய்டு முதலில் இந்தப் பிடியைத்தான் பார்க்கும். யாரும் பிடிக்காத முகவரிதான் உலாவிக்குப் போகும். முன்பெல்லாம் எதில் திறக்கட்டும் என்று அடிக்கடி கேட்கும். ஆண்ட்ராய்டு 12 முதல் இணைய முகவரிகளுக்குப் பெரும்பாலும் கேட்பதில்லை. அதனால் உலாவியைப் பத்துத் தடவை மாற்றினாலும் வரைபட இணைப்பு பழைய செயலியிலேயே போய் நிற்கும்.

மீ., உங்கள் செயலியையே எடுத்துக்கொள்வோம். பழைய வரைபடச் செயலி ஒரு முகவரியைப் பிடித்திருக்கிறது, உங்களுடையது அதைக் கேட்கிறது. ஒரு முகவரி ஒரு நேரத்தில் ஒரு செயலியிடம்தான் இருக்கலாம். எனவே முதலில் பழையதன் பக்கத்தில் `Open supported links` விசையை அணைக்க வேண்டும். பிறகுதான் புதியதன் பக்கத்தில் `Add link` தொட்டு முகவரியைச் சேர்க்க வேண்டும். வரிசை மாறினால் வேலை நடக்காது. உங்கள் உதவிப் பக்கம் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ஒரு வரம்பும் உண்டு. புதிய செயலியை எழுதியவர் அந்த முகவரியை முன்பே அறிவித்திருக்காவிட்டால் சேர்க்கவே முடியாது. பழையதை அணைத்ததும் இணைப்பு உலாவியில் திறக்கும், அவ்வளவுதான். யாரிடம் பிடி இருக்கிறது என்று கணினியிலிருந்து பார்க்க:

```
adb shell pm get-app-links --user cur <package>
```

முகவரிக்குப் பக்கத்தில் `verified` என்று வந்தால், தளமே அந்தச் செயலியைத் தன்னுடையது என்று ஒப்புக்கொண்டிருக்கிறது.

சொல்லுக்கு வருவோம். முதலாவது ‘இயல்புநிலைச் செயலி’ என்றே இருக்கட்டும். இரண்டாவதற்கு ‘திறப்புரிமை’ எப்படி?

— செ.

---

எனக்கும் இதே தொல்லைதான்! எஸ்.எம்.எஸ். செயலியை மாற்றினேன், உடனே மாறியது. ஆனால் அரட்டைக்கு அழைக்கும் இணைப்பைத் தொட்டால் இன்னமும் பழைய அரட்டைச் செயலிதான் திறக்கிறது. மாற்றியது பதிவாகவில்லையா? செய்தித் தளங்களோ அரட்டைக்குள்ளேயே திறக்கின்றன, உலாவிக்குப் போவதே இல்லை.

— ல.

---

ல. அக்கா, பதிவாகிவிட்டது. `sms:` என்று தொடங்கும் இணைப்பு நீங்கள் அமர்த்திய செயலிக்குப் போகும். அரட்டை அழைப்பு `https` என்று தொடங்குகிறது, அதாவது செ. சொன்ன பிடி. இணைப்பை அழுத்திப் பிடித்து நகலெடுத்து எங்காவது ஒட்டிப் பாருங்கள், முன்னெழுத்து தெரிந்துவிடும். அரட்டைக்குள்ளேயே திறப்பது மூன்றாவது கதை: செயலி தனக்குள் ஒரு குட்டி உலாவி வைத்திருக்கிறது. அதை அணைக்கும் விசை அந்தச் செயலியின் அமைப்புகளில் இருந்தால் உண்டு.

எங்கள் வீட்டு ஐபோனில் இந்தத் திறப்புரிமைப் பக்கமே கிடையாது. இணைப்பை அழுத்திப் பிடித்தால் வரும் பட்டியலில் எதில் திறப்பது என்று சொல்லிப் பார்க்கலாம்.

— அ.

---

செ. தம்பி சொன்னதை என் கைபேசியில் செய்து பார்த்தேன். சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ‘உரிமை’ உதைக்கிறது. பக்கத்திலேயே ‘உரிமம்’ என்று வேறொரு தலைப்பு வரும். அவசரத்தில் படிப்பவர் குழம்புவார். ‘முகவரிப் பிடி’ என்றால் என்ன? பிடி, விடு என்று வினையும் கூடவே கிடைக்கிறது: ‘பழைய செயலியில் விடுங்கள், புதியதில் பிடியுங்கள்’.

— க.

---

வினை பிரமாதம் ஐயா. ஆனால் தலைப்பாக ‘முகவரிப் பிடி’ என்று தனியாக நின்றால் யாரையோ பிடிக்கச் சொல்வதுபோல் இருக்கிறது. நான் ‘திறப்புரிமை’யிலேயே நிற்கிறேன்.

— செ.

---

இப்போதைக்குத் தலைப்பில் ‘திறப்புரிமை’, படிகளில் ‘விடு’, ‘பிடி’ என்று கலந்து போடுகிறேன். `Supported web addresses` இன்னும் பாக்கி. ‘ஆதரிக்கும் முகவரிகள்’ என்று மட்டும் சொல்லாதீர்கள், தேர்தல் வாசம் அடிக்கிறது.

— மீ.