300 வெள்ளி பரிசுக்கு வந்த கூட்டம் எங்கே போனது?

முறுக்கு வீடு, பிரிக்பீல்ட்ஸ்
போன தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு என் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் 300 வெள்ளி இ-வாலட் பணம் பரிசு என்று போட்டேன். பின்தொடர வேண்டும், மூன்று பேரை டேக் செய்ய வேண்டும், அவ்வளவுதான் விதி. 410 பேர் இருந்த பக்கம் ஒரே வாரத்தில் 1,900ஐத் தாண்டியது. பரிசை அறிவித்த மறுநாளே ஆட்கள் விலக ஆரம்பித்தார்கள், மிச்சம் இருந்தவர்கள் அடுத்துப் போட்ட அதிரசப் படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆர்டர் ஒன்றும் வரவில்லை. நீங்கள் யாராவது இதை மாற்றிச் செய்து பார்த்தீர்களா?

சேலைக்கடை அண்ணன், பினாங்கு
தங்கச்சி, பணம் எல்லாருக்கும் வேண்டும், அதனால் எல்லாரும் வந்தார்கள். கமெண்ட் போட்டவர்களில் பத்துப் பேரின் கணக்கைத் திறந்து பாருங்கள். முகப்படம் இருக்காது, ஆயிரக்கணக்கான பக்கங்களைப் பின்தொடர்வார்கள், பதிவெல்லாம் மற்ற போட்டிகளாகவே இருக்கும். எனக்கும் முதல் தடவை அப்படித்தான்.

இரண்டாம் தடவை பரிசை மாற்றினேன்: ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் சேலைக்கு ரவிக்கை இலவசமாகத் தைத்துத் தருகிறோம். முதல் வரியில் பரிசைப் பற்றிப் பேச்சே இல்லை, "பீரோவில் ரவிக்கை தைக்காத சேலை கிடக்கிறதா?" என்றுதான் கேட்டேன். அந்தச் சேலை யார் கொடுத்தது என்று இரண்டு வரி எழுத வேண்டும். தீவிலும் செபராங் பிறையிலும் இருப்பவர்களுக்கு மட்டும், அளவு கொடுக்க இரண்டு வாரத்துக்குள் கடைக்கு வரவேண்டும், வராவிட்டால் மறு குலுக்கல். முடியும் நாளும் நேரமும் போட்டேன், இன்ஸ்டாகிராமுக்கு இதில் சம்பந்தமில்லை என்றும் ஒரு வரி, அதை அவர்களே கேட்கிறார்கள். 64 பேர்தான் கலந்துகொண்டார்கள், ஆனால் அவர்களில் பதினொரு பேர் பிறகு காசு கொடுத்துத் தைத்தார்கள்.

கிள்ளான் தம்பி
டேக் செய்யச் சொல்வதே தடை, பக்கத்தையே மூடிவிடுவார்கள்.

சேலைக்கடை அண்ணன், பினாங்கு
அது பேஸ்புக் விதி தம்பி. நண்பரை டேக் செய்தால்தான் சேரலாம், டைம்லைனில் பகிர்ந்தால்தான் சேரலாம் என்று அங்கே வைக்கக்கூடாது. இன்ஸ்டாகிராம் தடுப்பது படத்தில் இல்லாதவரைப் படத்தில் டேக் செய்யச் சொல்வதை. இருந்தாலும் நான் கேட்பதில்லை, பரிசுக்காக வந்தவர் தன்னைப் போன்ற மூன்று பேரைத்தான் கூட்டிவருவார்.

செந்தூல் வாசகி
எங்கள் அத்தைக்குப் பரிசு விழுந்ததாக மெசேஜ் வந்து வங்கிக் கணக்கு எண் கேட்டார்கள். இந்தப் போட்டிகளில் சேரலாமா, கூடாதா?

முறுக்கு வீடு, பிரிக்பீல்ட்ஸ்
அக்கா, என் பெயரிலும் ஒரு போலிக் கணக்கு அப்படிக் கேட்டது, எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள். இனிமேல் "இந்தக் கணக்கிலிருந்து மட்டும்தான் அறிவிப்போம், வங்கி விவரம் கேட்க மாட்டோம்" என்று பதிவிலேயே எழுதப்போகிறேன்.

அண்ணே, இந்தத் தடவை பரிசு வெற்றியாளர் வீட்டுக்குத் தேவையான பலகாரம், கிள்ளான் பள்ளத்தாக்குக்குள் மட்டும். உங்கள் வீட்டில் முதலில் சுடும் பலகாரம் எது, யார் சுடுவார்கள் என்று கேட்கலாமென்று இருக்கிறேன். நல்ல பதிலைத் தேர்ந்தெடுப்பதா, குலுக்கலா?

சேலைக்கடை அண்ணன், பினாங்கு
நான் குலுக்கல்தான்.

கிள்ளான் தம்பி
குலுக்கல் என்றால் ஏனோதானோ என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டுப் போவார்களே அண்ணே?